கையெழுத்தும் தேதியும் போட்ட நகல்: விடுப்புக் கடிதம் கொடுப்பவர் கையோடு வாங்கிவர வேண்டியது

கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். விடுப்புக் கடிதங்கள் எப்படிக் காணாமல் போகும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு. பெரும்பாலும் அதில் சதி எதுவும் இருக்காது. ஷிப்ட் இன்சார்ஜ் மேசையில் கடிதம் கிடக்கும். அவர் மதியம் ஒரு பிரேக்டவுனுக்கு ஓடுவார், மேலே யாரோ லாக்‌ஷீட்டை வைப்பார்கள், மறுநாள் இன்சார்ஜ் லீவு. அந்தக் காகிதம் டைம் ஆபீஸுக்கு வரவே வராது. வராத கடிதத்தை நான் எப்படிப் பதிவேட்டில் ஏற்றுவேன்? மஸ்டரில் 'ஆ' என்றுதான் விழும், ஆப்சென்ட்.

கம்மியம்பேட்டையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு ஆபரேட்டருக்கு இதுதான் நடந்தது. மூத்த மகளுக்குத் திருவந்திபுரத்தில் ஜூன் 12-ஆம் தேதி கல்யாணம். ஜூன் 6 முதல் 17 வரை 12 நாள் லீவு கேட்டு எழுதினார், நடுவில் வரும் இரண்டு வார விடுமுறை போக 10 நாள் ஈ.எல். இன்சார்ஜிடம் நீட்டினார். "டேபிள்ல வெச்சுட்டுப் போண்ணே, கல்யாணத்துக்குப் போறவர யாரு புடிச்சு வெக்கப் போறா" என்று அவர் சிரித்தார். இவரும் வைத்துவிட்டு வந்தார், பத்திரிகையும் கொடுத்தார். 18-ஆம் தேதி காலை ஷிப்டுக்கு வந்தபோது கேட்டிலேயே நிறுத்தி ஒரு கவரைக் கொடுத்தார்கள். முன்அனுமதி இல்லாமல் 12 நாள் வேலைக்கு வராததற்கு விளக்கம் கேட்டு ஷோகாஸ் நோட்டீஸ்.

12 என்ற எண்ணை அவர் அப்போது கவனிக்கவில்லை. நிலையாணை என்பது தொழிற்சாலையின் வேலை விதிகள். மத்திய அரசின் 1946-ஆம் ஆண்டு விதிகளோடு வந்த மாதிரி நிலையாணையில், விடுப்பில்லாமல் 10 நாளுக்கு மேல் வராமல் இருப்பது ஒழுங்கீனப் பட்டியலில் இருக்கிறது. 9 நாள் என்றால் ஒரு பேச்சு, 12 நாள் என்றால் வேறு பேச்சு. "கொடுத்தேன் சார், டேபிள்ல வெச்சேன்" என்றார். இன்சார்ஜ் "எனக்கு ஞாபகம் இல்லை" என்றார். பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை, அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த மனிதர் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

முதலில் ஒரு சொல் குழப்பம்

நம் ஊரில் அக்னாலட்ஜ்மென்ட்டை 'ஒப்புதல்' என்று சொல்லிவிடுகிறார்கள். அது ஒப்புகை. ஒப்புதல் என்றால் சம்மதம், லீவு சாங்ஷன் ஆகிவிட்டது என்று பொருள். ஒப்புகை என்றால் 'இந்தக் காகிதம் இன்ன தேதியில் எங்களிடம் வந்தது' என்பது மட்டும்தான். கையெழுத்துக் கேட்டால் கிளார்க் பயப்படுவதும் இந்தக் குழப்பத்தால்தான். "நான் எப்படிங்க லீவு குடுக்க முடியும்" என்று பின்வாங்குவார். "லீவு கேக்கல சார், வாங்கிக்கிட்டதா மட்டும் போடுங்க" என்று சொன்னால் பாதிப் பேர் போட்டுவிடுவார்கள்.

இதே குழப்பம் தொழிலாளியையும் கவிழ்க்கும். சீல் போட்ட நகல் இருக்கிறதே என்று, லீவு கிடைத்ததா என்று கேட்காமலே ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த நகல் நீங்கள் கேட்டீர்கள் என்பதைத்தான் காட்டும். அவர்கள் கொடுத்தார்கள் என்று காட்டாது. மறுத்து எழுத்தில் பதில் வந்த பிறகும் போனால் நகல் உங்களைக் காப்பாற்றாது.

கடிதம்

இரண்டு பிரதி வேண்டும், இரண்டிலும் உங்கள் கையெழுத்து நேரடியாக இருக்க வேண்டும். கார்பன் வைத்து எழுதலாம், ஜெராக்ஸ் எடுத்து மறுபடி கையெழுத்துப் போடலாம். ஒரே பக்கத்தில் முடித்துவிடுங்கள். இரண்டு பக்கம் போனால் கையெழுத்து கடைசிப் பக்கத்தில் மட்டும் விழும், முதல் பக்கம் பிற்பாடு மாற்றியது என்று ஒருவர் கிளப்புவார். எங்கள் தொழிற்சாலையிலேயே அப்படி ஒருமுறை கிளப்பினார்கள்.

அந்த ஆபரேட்டருக்கு இப்படி ஒரு கடிதம் போதுமாக இருந்திருக்கும்:

> பெறுநர்: தொழிற்சாலை மேலாளர் அவர்கள் (ஷிப்ட் இன்சார்ஜ் வழியாக)
>
> பொருள்: ஜூன் 6 முதல் 17 வரை சம்பளத்துடன் கூடிய ஈட்டிய விடுப்பு வேண்டுதல்
>
> ஐயா, என் மகளின் திருமணம் ஜூன் 12 அன்று திருவந்திபுரத்தில் நடைபெற உள்ளது. எனவே மேற்கண்ட நாட்களுக்கு, இடையில் வரும் வார விடுமுறை நீங்கலாக 10 நாட்கள், என் கணக்கில் உள்ள ஈட்டிய விடுப்பை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். விடுப்பில் இருக்கும்போது என் முகவரியும் கைபேசி எண்ணும் கீழே உள்ளன.
>
> இணைப்பு: திருமணப் பத்திரிகை 1
>
> (பெயர், டோக்கன் எண், பிரிவு, கையொப்பம், மே 19)

கடைசியில் உள்ள முகவரி சும்மா இல்லை. லீவை நீட்டிக்கக் கேட்டு எழுதினால் நிர்வாகம் பதில் எழுத வேண்டும் என்று மாதிரி நிலையாணை சொல்கிறது, ஆனால் முகவரி தெரிந்தால்தான். அதேபோல 'இணைப்பு 1' என்று எழுதாவிட்டால், மருத்துவச் சான்று வைத்தேன் என்று நீங்கள் பின்னால் சொல்வதற்கு ஆதாரம் இருக்காது.

மே 19 என்று ஏன் போட்டேன் தெரியுமா? தொழிற்சாலைகள் சட்டம், 1948, பிரிவு 79-இன்படி, விடுப்பு தொடங்கும் நாளுக்குக் குறைந்தது 15 நாள் முன்னால் எழுத்தில் கேட்க வேண்டியிருந்தது. பொதுப் பயன்பாட்டுச் சேவையாக இருந்தால் 30 நாள். ஜூன் 6-இலிருந்து 15 நாள் பின்னால் எண்ணினால் மே 22. மூன்று நாள் கையிருப்பு வைத்துக்கொண்டால் விடுமுறை, இன்சார்ஜ் லீவு எல்லாம் குறுக்கே வந்தாலும் கணக்குத் தப்பாது. உடம்பு சரியில்லாமல் கேட்கும் விடுப்புக்கு இந்த 15 நாள் கெடு இருக்கவில்லை. அதையும் அதே பிரிவு சொன்னது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. முன்பு ஆண்டுக்கு 240 நாள் வேலை செய்தால்தான் ஈட்டிய விடுப்புத் தகுதி, இப்போது 180 நாள். 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்ற விகிதம் மாறவில்லை. எத்தனை நாள் முன்னால் கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதை உங்கள் தொழிற்சாலையின் நிலையாணையில் பாருங்கள். அது கேட்டுக்குப் பக்கத்தில் பலகையில் ஒட்டியிருக்க வேண்டிய ஒன்று, பெரும்பான்மைத் தொழிலாளிகளுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும். வெயிலில் வெளுத்துப்போன காகிதமாகத்தான் இருக்கும், ஆனாலும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

யாரிடம், எப்போது

இன்சார்ஜிடம் மட்டும் கொடுத்துவிட்டு வருவதுதான் வழக்கமான தப்பு. அவர் பரிந்துரைப்பவர், பெறுபவர் இல்லை. அவரிடம் ஒரு பிரதியில் 'அனுப்பப்படுகிறது' என்று எழுதி வாங்கிக்கொண்டு, நீங்களே டைம் ஆபீஸுக்கோ ஹெச்.ஆர். பிரிவுக்கோ எடுத்துப்போங்கள். அங்கே இன்வார்டு ரெஜிஸ்டர் இருக்கும். உள்ளே வரும் ஒவ்வொரு காகிதமும் அதில் வரிசை எண்ணோடு ஏறும்.

ஜெனரல் ஷிப்ட் நேரத்தில் போங்கள். காலை பத்தரை, பதினொன்று நல்ல நேரம். ஷிப்ட் மாறும் நேரத்தில் போனால், பஞ்சிங் மெஷினைச் சுற்றி ஐம்பது பேர் நிற்கும்போது, எந்தக் கிளார்க்கும் நிதானமாகக் கையெழுத்துப் போடமாட்டார். நானே போட்டதில்லை. நைட் ஷிப்டுக்காரர்கள் காலையில் ஒரு மணி நேரம் காத்திருப்பது கஷ்டம்தான், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஒப்பந்தத் தொழிலாளி என்றால் கடிதத்தைக் கான்ட்ராக்டருக்கு எழுதுங்கள். சம்பளமும் விடுப்பும் அவர் கணக்கு. ஒரு பிரதியைத் தொழிற்சாலை ஹெச்.ஆருக்கும் கொடுத்து அங்கேயும் சீல் வாங்க முடிந்தால் நல்லது. கான்ட்ராக்ட் கை மாறும்போது பழைய ஆளின் காகிதம் எதுவும் மிஞ்சுவதில்லை.

கையெழுத்தில் என்னென்ன இருக்க வேண்டும்

'பெறப்பட்டது' என்ற சொல், வாங்கியவரின் கையெழுத்து, அதற்குக் கீழே அவர் பெயரும் பதவியும், தேதி, ஆபீஸ் சீல், இன்வார்டு எண். இதில் ஒன்றை மட்டும்தான் கேட்க முடியும் என்றால் நான் இன்வார்டு எண்ணைக் கேட்பேன். கையெழுத்து என்பது ஒரு கிறுக்கல். "இது யார் கையெழுத்துன்னே தெரியல" என்று விசாரணையில் சொல்லிவிடலாம், சொல்லியும் இருக்கிறார்கள். இன்வார்டு எண் இருந்தால் அப்படித் தப்பிக்க முடியாது. பதிவேட்டைக் கொண்டுவா என்று கேட்கலாம். 412 என்று உங்கள் நகலில் இருந்தால், பதிவேட்டில் 411-க்கும் 413-க்கும் நடுவில் ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும்.

தேதியை வாங்குகிறவர் கையாலேயே போடச் சொல்லுங்கள். அவர் கையெழுத்தை மட்டும் கிறுக்கிவிட்டுத் தர, நீங்கள் வெளியே வந்து உங்கள் பேனாவில் தேதி எழுதினால், இரண்டு மை, இரண்டு கையெழுத்து. தேதி முன்தள்ளியது என்று சொல்ல அதுவே போதும். தேதி சுழலும் ரப்பர் ஸ்டாம்ப் இருந்தால் அதில் சரியான தேதி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். நேற்றைய தேதியிலேயே நிற்கும் ஸ்டாம்ப் எங்கள் மேசையிலும் இருந்தது. ஒருவருக்கு வருடம் மாற்ற மறந்து ஜனவரி முழுக்க பழைய வருடம் விழுந்தது. அந்த மாதம் வந்த கடிதங்களை எடுத்துக்கொண்டு பின்னால் யாராவது வழக்குக்குப் போயிருந்தால் எங்களுக்குத்தான் பதில் சொல்லத் தெரிந்திருக்காது.

நின்ற இடத்திலேயே நகலை ஒருமுறை படித்துவிட்டு நகருங்கள். திருத்தம் இருந்தால் அங்கேயே அவர் சுருக்கொப்பம் போட வேண்டும்.

கையெழுத்துப் போட மறுத்தால்

1948 சட்டத்தின் பிரிவு 79-இல் விண்ணப்பத்தை எழுத்தில் கொடு என்று இருந்ததே ஒழிய, வாங்கியதற்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்று தனி வரி இருக்கவில்லை. ஆகவே கவுன்டரில் நின்று சட்டம் பேசுவதில் பயனில்லை. சண்டை போட்டால் அது தனி ஒழுங்கீனக் குற்றச்சாட்டாக முளைக்கும். பேசாமல் வெளியே வந்து அன்றே தபாலில் போடுங்கள்.

தனிப் பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது. மஞ்சக்குப்பம் தபால் நிலையத்தில் போய் "பதிவோட ஸ்பீட் போஸ்ட், டெலிவரி ஆனதுக்கு அத்தாட்சியும் வேணும்" என்று கேளுங்கள். பெறுநர் இடத்தில் ஆள் பெயர் வேண்டாம், 'தொழிற்சாலை மேலாளர்' என்று பதவியை எழுதுங்கள். சரியான முகவரியிட்டு, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பியது போய்ச் சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்று 1897-ஆம் ஆண்டு பொதுப் பிரிவுகள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. வரவில்லை என்று காட்ட வேண்டிய சுமை எதிர்த்தரப்புக்குப் போய்விடும்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. கவர் வந்தது, உள்ளே வெறும் தாள்தான் இருந்தது என்று சொல்வார்கள். அதற்காக கவரின் மேலேயே 'மே 19 தேதியிட்ட விடுப்பு விண்ணப்பம், டோக்கன் எண்...' என்று எழுதி, கடிதத்தையும் கவரையும் ரசீதையும் ஒன்றாக வைத்துப் படம் எடுங்கள். 'பெற மறுத்தார்' என்ற குறிப்போடு கவர் திரும்பி வந்தால் அதைப் பிரிக்கவே கூடாது. ஒட்டினபடியே இருக்கும் அந்தக் கவர் சீல் போட்ட நகலைவிட வலுவானது.

மின்னஞ்சலும் வாட்ஸாப்பும் சேர்த்தே அனுப்புங்கள், ஆனால் அவற்றை மட்டும் நம்பாதீர்கள். நீல டிக் விழுந்தால் அந்த போன் படித்தது, மேலாளர் படித்தாரா என்பது வேறு. மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டும். போனை மாற்றி, செய்தி அழிந்து, ஸ்கிரீன்ஷாட் மட்டும் மிஞ்சினால் அங்கேதான் சிக்கல். 'லீவு வேணும் சார்' என்ற செய்திக்கு இன்சார்ஜ் போடும் கட்டைவிரல் பொம்மையும் ஒப்புகை ஆகாது. சரி என்கிறாரா, பார்த்தேன் என்கிறாரா, யாருக்குத் தெரியும்?

நகல் கையில் வந்த பிறகு

இங்கேதான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். மாதிரி நிலையாணையின்படி விண்ணப்பம் கொடுத்த ஒரு வாரத்துக்குள், அல்லது விடுப்பு தொடங்க இரண்டு நாள் முன்னால், எது முந்தியோ அதற்குள் முடிவு சொல்ல வேண்டும். நம் ஆபரேட்டர் மே 19-இல் கொடுத்திருந்தால் மே 26. லீவு அன்றைக்கே அல்லது மூன்று நாளுக்குள் தொடங்குவதாக இருந்தால் அன்றைக்கே பதில். கொடுத்தால் லீவு பாஸ் தர வேண்டும். மறுத்தாலோ தள்ளிப்போட்டாலோ காரணத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும், நீங்கள் கேட்டால் அந்தப் பதிவின் நகலையும் தர வேண்டும்.

அந்த ஒரு வாரம் எந்த நாளில் தொடங்குகிறது என்பதை உங்கள் நகலில் உள்ள தேதிதான் சொல்லும். தேதி இல்லாத நகலால் இந்தக் கெடுவைக் கணக்கிடவே முடியாது. மே 27 அன்று, 'மே 19 தேதியிட்டு இன்வார்டு எண் 412-இல் கொடுத்த என் விண்ணப்பத்துக்கு இன்றுவரை பதில் இல்லை' என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்து அதற்கும் சீல் வாங்குங்கள். பத்தில் ஒன்பது முறை அன்று மாலையே லீவு பாஸ் வந்துவிடும். எழுத்தில் மறுப்பதற்கு யாருக்கும் மனம் வராது.

மறுத்த லீவு எங்கே போகிறது

பலருக்குத் தெரியாதது இது. ஈட்டிய விடுப்பை அடுத்த ஆண்டுக்கு 30 நாள்வரைதான் கொண்டுபோக முடியும், மிச்சம் போய்விடும் என்று எல்லோரும் சொல்வார்கள். 1948 சட்டத்தின்படி அது உண்மைதான், ஆனால் அதிலும் விதிவிலக்கு இருந்தது. முறைப்படி கேட்டு மறுக்கப்பட்ட விடுப்புக்கு அந்த உச்சவரம்பு இல்லை. 1948 சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு புதிய தொகுப்பிலும் இருக்கிறது.

சங்கொலிக்குப்பத்துக்காரர் ஒருவர் கணக்கில் ஜனவரியில் 38 நாள் நின்றது, பழையது 24, புதிதாக ஏறியது 14. ஜூனில் 10 நாள் கேட்டார். ஷட்டவுன் வேலை நடக்கிறது, யாருக்கும் லீவு இல்லை என்று மறுத்துவிட்டார்கள். வருடம் முழுக்க அவர் வேறு லீவு எடுக்கவில்லை. டிசம்பர் முடிந்ததும் கணக்கை 30 ஆக்கி, 8 நாளை வெட்டிவிட்டார்கள். வெட்டியது நான்தான், கம்ப்யூட்டர் அப்படித்தான் செய்யச் சொன்னது. அன்றைய அவர் தினக்கூலி 900 ரூபாய், ஆக 7,200 ரூபாய்.

அவர் ஜூன் மாதச் சீல் போட்ட நகலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த 10 நாளைக் கொடுத்திருந்தால் கணக்கு 28 ஆகியிருக்கும், வெட்டவே வேலை இருந்திருக்காது. கேட்டார், மறுத்தார்கள், அதனால் 38-உம் அப்படியே நிற்க வேண்டும். அடுத்த மாதச் சம்பளச் சீட்டில் 8 நாளும் திரும்ப ஏறின. அந்தக் காகிதம் இல்லாவிட்டால், ஷட்டவுன் சமயத்தில் லீவு கேட்டதாக அவர் சொல்வதை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அவர் விண்ணப்பம் எங்கள் கோப்பில் இல்லை.

விசாரணை என்று வந்துவிட்டால்

ஒரிஜினல் நகலை யாரிடமும் கொடுக்காதீர்கள். ஷோகாஸ் நோட்டீஸுக்கான பதிலில் ஜெராக்ஸை இணைத்து, 'அசல் என்னிடம் உள்ளது, விசாரணையில் காட்டத் தயார்' என்று எழுதுங்கள். உள்விசாரணையில் டைம் கீப்பரைக் குறுக்கு விசாரணை செய்யும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: மே 19-ஆம் தேதிக்கான இன்வார்டு பக்கம் எங்கே? நகல் இல்லாதவர் "நான் கொடுத்தேன்" என்று நிரூபிக்கத் திணறுவார். நகல் இருப்பவரிடம் அந்தக் கேள்வியே வராது. வந்த கடிதத்தை என்ன செய்தோம் என்று நிர்வாகம்தான் சொல்ல வேண்டும்.

லீவு முடிந்து 8 நாளுக்குள் வராவிட்டால் வேலை போய்விடும் என்று நிலையாணையைக் காட்டி மிரட்டுவார்கள். டி.கே. யாதவ் வழக்கில் 1993-இலேயே உச்ச நீதிமன்றம், விசாரணை நடத்தாமல், விளக்கம் கேட்காமல் அப்படி ஆளை நீக்க முடியாது என்று சொல்லிவிட்டது. வராமல் இருந்தது வேண்டுமென்றே செய்ததுதான் என்று நிர்வாகம் காட்ட வேண்டும் என 2012-இல் கிருஷ்ணகாந்த் பார்மர் வழக்கிலும் சொன்னது. அது அரசு ஊழியர் வழக்கு, ஆனால் வாதம் எல்லாருக்கும் உதவும். 15 நாள் முன்னால் எழுதிக் கேட்ட ஆள் வேண்டுமென்றே ஓடிப்போனார் என்று சொல்வது லேசில்லை.

வெளியே போவதென்றால் முதலில் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர். கடலூர்க்காரர்களுக்குத் தமிழ்நாடு அரசின் துறை. சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் வேலை பார்ப்பவர்களுக்குப் புதுச்சேரி அரசின் துறை. வீடு கடலூரில் இருந்தாலும் வேலை செய்த இடம்தான் கணக்கு. தினம் பஸ்ஸில் எல்லை தாண்டிப் போகிறவர்கள் தப்பான ஆபீஸில் மனு கொடுத்து மாதக்கணக்கில் இழக்கிறார்கள்.

கம்மியம்பேட்டைக்காரருக்கு விசாரணை வரை போகவில்லை. கல்யாணப் பத்திரிகை வாங்கியதை இன்சார்ஜ் ஒப்புக்கொண்டார், அதை வைத்து 12 நாளையும் சம்பளமில்லாத லீவாக்கி, எச்சரிக்கைக் கடிதம் ஒன்றைக் கோப்பில் போட்டு முடித்தார்கள். 10 நாள் சம்பளம் போயிற்று. கையில் ஈ.எல். இருந்தும் போயிற்று.

நகலை வைத்திருப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டாம்ப் பேட் மை தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது, கூரை போன வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் இருந்த காகிதம் எல்லாம் ஊதா நிறக் கறையாக ஒட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். சீல் வாங்கிய அன்றே படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுங்கள், அனுப்பிய தேதியும் அதில் நின்றுவிடும். அசலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். அந்தச் சங்கொலிக்குப்பத்துக்காரர் தன் காகிதங்களைப் பண்ருட்டியில் மாமியார் வீட்டுப் பீரோவில் வைத்திருந்தார். கடலுக்குப் பக்கத்தில் வைக்க பயம் என்றார்.